மைனஸ் ஆறு

பேலட் என்றால் என்ன என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். பெட்டிகளை அடுக்க அடியில் போடும் மரப்பலகை, நாலடிக்கு மூன்றேகால் அடி இருக்கும், ஃபோர்க்லிஃப்டின் முள் நுழைய நடுவில் சந்து விட்டிருக்கும் என்று கையால் காட்டினேன். "அதை எண்ணுறதுக்கா மாப்பிள்ளை உங்களுக்குச் சம்பளம்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சில மாதம் கழித்து, "ஒரு பேலட்டை எண்ணக்கூடவா ஆள் இல்லை?" என்று மேனேஜர் கேட்டார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

செங்குன்றம் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் ஒரு மண்பாதையின் முடிவில் இருக்கிறது நான் சூப்பர்வைசராக இருந்த குடோன். சோப்பு, பவுடர், பிஸ்கட் மாதிரி கடைச்சரக்கு. தொழிற்சாலையிலிருந்து சரக்கு பேலட்டோடு வரும். பெரிய கடைகளின் கிடங்குகளுக்குப் பேலட்டோடு போகும். ஊர் ஊராக இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு மட்டும் லூஸ் லோடு, அதாவது பெட்டிகளை வண்டித் தரையில் கையால் அடுக்கி அனுப்புவோம். அவர்களிடம் ஃபோர்க்லிஃப்ட் கிடையாது. பேலட்டைத் திருப்பி அனுப்ப வழியும் கிடையாது.

பேலட்கள் எங்களுடையவை அல்ல. வாடகைக்கு எடுத்த 2,400. ஒவ்வொன்றுக்கும் தினவாடகை உண்டு, தொலைந்தால் ஒன்றுக்கு 1,800 ரூபாய் தண்டம். மாதக் கடைசியில் எண்ணிப் பார்ப்போம். எட்டு, பத்து குறைவது சகஜம். எங்காவது உடைந்திருக்கும், எவனாவது தேநீர் போட விறகாக்கியிருப்பான். ஜூன் மாதம் 58 குறைந்தது. தப்பாக எண்ணிவிட்டோம் என்று இரண்டாவது முறை எண்ணினோம், அப்போதும் 58. ஜூலையில் 71. ஆகஸ்டில் 64. மூன்று மாதத்துக்கும் சேர்த்து வாடகைக் கம்பெனி அனுப்பிய பில் 3,47,400 ரூபாய். மேனேஜர் அந்தக் கேள்வியைக் கேட்டது அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

மாதத்துக்கு ஒருமுறை எண்ணுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. 71 குறைகிறது என்று தெரியும். மூன்றாம் தேதி போனதா, இருபதாம் தேதி போனதா, ஒரே நாளில் லாரி வைத்து அள்ளிக்கொண்டு போனார்களா, தினம் இரண்டிரண்டாகப் போனதா, ஒன்றும் தெரியாது. யாரைக் கேட்டாலும் "என் ஷிஃப்டுல இல்ல சார்". அது பொய் என்று சொல்லவும் நம்மிடம் ஒன்றும் இருக்காது. எனவே செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் எண்ணுவது என்று முடிவு செய்தேன். என் அலுவலகத்து மொழியில் இதற்கு டெய்லி பேலட் ரிப்போர்ட் என்று பெயர். ஏழு காலம் கொண்ட ஒரு எக்செல் தாள், அவ்வளவுதான். தேதி, நேற்றைய இருப்பு, உள்ளே வந்தது, வெளியே போனது, இருக்க வேண்டியது, கண்ணால் எண்ணியது. கடைசியில் வித்தியாசம்.

```
இருக்க வேண்டியது:  =B2+C2-D2
வித்தியாசம்:        =F2-E2
```

இதில் ஒரு விஷயம் முக்கியம். மறுநாளின் "நேற்றைய இருப்பு" என்பது நேற்று *எண்ணிய* எண், இருந்திருக்க வேண்டிய எண் அல்ல. அப்படி வைத்தால்தான் ஒவ்வொரு நாளின் குறையும் அந்த நாளோடு நிற்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை தொலைந்தது வெள்ளிக்கிழமை வரை தாளில் கூடவே வந்துகொண்டிருக்கும், எந்த நாளில் நடந்தது என்பது மறுபடி மறைந்துபோகும்.

முதல் நாள் எண்ணி முடிக்க மூன்று பேருக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. வித்தியாசம் +4. பேலட் குட்டி போட்டதா என்று ஃபோர்க்லிஃப்ட் பையன் கேட்டான். அடுத்த நாள் −7. அதற்கடுத்த நாள் +11. ஒன்பது நாள் இப்படியே மேலும் கீழும் ஆடியது. தினம் ஆடும் தாளை யாரும் நம்ப மாட்டார்கள், நானே நம்பவில்லை. ஆனால் கூடுதலாக வந்த நாட்கள்தான் எனக்கு உதவின. பேலட் திருட்டுப் போகலாம், தானாக முளைக்காது. முளைக்கிறது என்றால் எண்ணுவதில்தான் ஓட்டை.

ஓட்டைகள் மூன்று கிடைத்தன. முதலாவது நேரம். ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது எண்ண ஆரம்பித்தோம், அதே நேரம் சரக்கு ஏற்றும் டாக் ஏதோ ஒன்றில் பாதி ஏற்றிய வண்டி நிற்கும். அதில் இருக்கும் பேலட் உள்ளே சேர்த்தியா வெளியே சேர்த்தியா? ஆளுக்கொரு மாதிரி எழுதினார்கள். கேட் பாஸ் போடாத வண்டியில் இருப்பதெல்லாம் உள்ளேதான் என்று ஒரு கோடு போட்டேன். எண்ண ஆரம்பிக்கும் நேரம் ஆறே கால், எண்ணி முடிக்கும்வரை புது வண்டி டாக்குக்கு வராது.

இரண்டாவது, அடிப் பேலட். இதைக் குடோனில் வேலை பார்க்காதவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். சரக்கோடு வந்த பேலட்டில் கட்டை பிய்ந்திருந்தால் ரேக்கில் வைக்க முடியாது, சரியும். பெட்டிகளைப் பிரித்து மாற்ற நேரமில்லாதபோது, அதற்கு அடியில் இன்னொரு நல்ல பேலட்டைக் கொடுத்துத் தூக்கி வைத்துவிடுவார்கள். கணினியைக் கேட்டால் அந்த இடத்தில் ஒரு பேலட் என்று சொல்லும். உண்மையில் இரண்டு. சரக்கை மேலே ஏற்றும்போது ஒன்று காணாமல் போகும், இறக்கும்போது ஒன்று முளைக்கும். +11 வந்த நாளில் அப்படிப்பட்ட சரக்கு ஒரு வரிசையே இறங்கியிருந்தது. அடிப் பேலட் கொடுத்தால் அந்த இடத்தில் சிவப்பு டேப் ஒட்டச் சொன்னேன்.

மூன்றாவது, காலிப் பேலட் அடுக்குகள். பத்து, பதினாலு, எட்டு என்று இஷ்டத்துக்கு அடுக்கியிருப்பார்கள், நாம் கழுத்து வலிக்க ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு பேலட் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரம். பன்னிரண்டு வைத்தால் 180. சுவரில் அந்த உயரத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்தோம். கோட்டைத் தொட்டால் பன்னிரண்டு, தாண்டினாலும் குறைந்தாலும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அப்புறம் அடுக்கை எண்ணிப் பன்னிரண்டால் பெருக்கினால் போதும். எண்ணும் நேரம் முப்பத்தைந்து நிமிடமாக இறங்கியது. அந்தக் குடோனில் நான் செய்த வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது அந்த மஞ்சள் கோடுதான், அதற்கு யாரும் என்னைப் பாராட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பத்தாம் தேதி வித்தியாசம் பூஜ்யம். பதினொன்று, பூஜ்யம். பன்னிரண்டு, −6.

பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு மைனஸ் ஆறு எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்த ஒன்பது நாளில் அதே ஆறு வந்திருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது. மறுபடி எண்ணினோம். ஆறு குறைவுதான். அடுத்த நாள் பூஜ்யம். அப்புறம் −1, +1, பூஜ்யம், பிறகு −12. இந்த ஒன்று கூடுவதும் குறைவதும் எண்ணுகிறவன் தூக்கக்கலக்கம், மறுநாளே சரியாகிவிடும். ஆறும் பன்னிரண்டும் அப்படித் திரும்பி வரவில்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். ஆறு என்பது அரை அடுக்கு. அரை அடுக்கை யாரோ தூக்கிக்கொண்டு போகிறார்கள். எதில் போகும்? எங்கள் குடோனுக்கு வாரம் இரண்டு முறை குட்டி யானை வண்டியில் காயலான் கடைக்காரர் ஒருவர் வருவார். கிழிந்த அட்டை, ஸ்ட்ரெச் ராப் சுருள், உடைந்த மரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போவார். குட்டி யானையில் ஆறு பேலட் தாராளமாகப் போகும். அவரை உள்ளே விடுவது இரவுக் காவலர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வயதானவர், எல்லோரும் அண்ணாச்சி என்போம். காயலான் கடைக்காரர் விடியற்காலையில் வந்தால் இருவரும் கேட்டருகே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். இரண்டும் இரண்டும் நாலு என்று போட்டுவிட்டேன்.

இருபத்தொன்றாம் தேதிக்குள் நான்கு இரவுகள் குறைந்திருந்தன. −6, −12, −6, −4. அன்று காலை காயலான் கடைக்காரரை இனி வர வேண்டாம் என்று சொன்னேன். அண்ணாச்சியைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றினேன். காரணம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் பகலுக்கு வந்தால் இரவுப் படி போய்விடும், அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அது மட்டுமில்லை, இரண்டையும் ஒரே நாளில் செய்தது முட்டாள்தனம். குறைவது நின்றிருந்தால் இருவரில் யாரால் நின்றது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

நல்லவேளை, நிற்கவில்லை. இருபத்து நான்காம் தேதி −12. அதற்குப் பின் −6, −10, −6. அக்டோபர் மூன்று வரையிலான இருபத்து நான்கு இரவுகளில் எட்டு இரவுகள், மொத்தம் 62 பேலட். அண்ணாச்சி இரவில் இருந்தபோது நான்கு முறை, அவர் போன பிறகு நான்கு முறை. பன்னிரண்டு நாளுக்குப் பன்னிரண்டு நாள். தாள் என்னை முகத்துக்கு நேராகப் பார்த்து, அவர் இல்லை என்றது.

மேனேஜர் அடுத்த ஆளைக் கண்டுபிடித்தார். "அந்த ஃபோர்க்லிஃப்ட் பையன பாருங்க. எட்டு நாள்ல ஏழு நாள் அவன்தான் டியூட்டி" என்றார். கேட்டதும் எனக்கும் திக்கென்றது. எட்டில் ஏழு! ஆனால் அண்ணாச்சி விஷயத்தில் சூடுபட்டிருந்ததால் வருகைப் பதிவேட்டை எடுத்து மீதி நாட்களையும் பார்த்தேன். அந்த இருபத்து நான்கு இரவுகளில் அவன் இருபது இரவு வந்திருந்தான். இரவு வேலைக்கு வேறு ஆள் கிடைக்காமல் அவனைத்தான் நாங்கள் பிழிந்துகொண்டிருந்தோம். இருபதில் ஏழு இரவு குறைந்தது. அவன் வராத நான்கு இரவுகளில் ஒன்றில் குறைந்தது. அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. தினமும் வருகிறவன் கெட்டது நடக்கும் நாளிலும் இருக்கத்தான் செய்வான். குறைந்த நாட்களை மட்டும் பார்த்தால் அவன் திருடன் மாதிரி தெரிவான், குறையாத நாட்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கிழமை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கேமரா பதிவில் காலிப் பேலட் அடுக்குகளின் பக்கம் ஓடவிட்டுப் பார்த்தேன். யாரும் ஒரு பேலட்டைக்கூடத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அப்போதுதான் உறைத்தது. காலிப் பேலட் போனால்தானே கேமராவில் தெரியும்? சரக்குக்கு அடியில் போனால்?

அன்று இரவு கேட் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தடித்த அட்டை போட்ட நீளப் புத்தகம். அதில் வண்டி எண், எந்த ஊர், டாக்கில் நின்ற நேரம், சீல் போட்ட நேரம், சீல் எண், பெட்டி எண்ணிக்கை எல்லாம் இருக்கும். பேலட் என்று ஒரு காலம் கிடையாது. எட்டு இரவுகளையும் மற்ற பதினாறு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குறைந்த எட்டு இரவுகளிலும் அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் ஐந்து வண்டிக்கு மேல் கிளம்பியிருந்தது. மற்ற இரவுகளில் இரண்டு, மூன்று. ஒரே ஓர் இரவு மட்டும் ஆறு வண்டி போயும் வித்தியாசம் பூஜ்யம். அதை முதலில் விட்டுவிட்டேன், பிறகுதான் விளங்கியது: அன்று பக்கத்துக் குடோனிலிருந்து லோடுமேன் நான்கு பேரைக் கூடுதலாக வாங்கியிருந்தோம்.

அடுத்து ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று கணக்குப் போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் 32 அடி வண்டி, சுமார் 720 பெட்டி. நான்கு பேர் கையால் அடுக்கினால் நிமிடத்துக்கு ஆறு பெட்டி, ஆக இரண்டு மணி நேரம். பெரும்பாலான வண்டிகள் அப்படித்தான் இருந்தன. ஆனால் −6 வந்த ஒவ்வோர் இரவிலும் ஒரே ஒரு 32 அடி வண்டி ஒரு மணி இருபது நிமிடத்தில் முடிந்திருந்தது. −12 வந்த இரவில் அப்படி இரண்டு வண்டி. −4 வந்த இரவில் ஒரு சின்ன வண்டி, 20 அடி. −10 வந்த இரவில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று.

பென்சிலை வைத்துவிட்டு எழுந்து டாக்குக்குப் போனேன். காலியாக நின்ற ஒரு 32 அடி வண்டிக்குள் ஏறி நின்று பார்த்தேன். அகலத்தில் இரண்டு பேலட் நிற்கும். கதவுப் பக்கம் மூன்று வரிசை என்றால் ஆறு. சின்ன வண்டியில் இரண்டு வரிசை, நாலு. முன்பக்கம் கேபினை ஒட்டிக் கையால் அடுக்கிவிட்டு, நேரம் போகிறதென்றதும் கடைசி மூன்று வரிசையை அப்படியே பேலட்டோடு ஹேண்ட் பேலட் வண்டியில் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஒரு பேலட்டில் 48 பெட்டி, ஆறு பேலட்டில் 288. அந்த 288 பெட்டியைக் கையால் அடுக்க 48 நிமிடம். தள்ளி விட எட்டு நிமிடம். மிச்சம் நாற்பது நிமிடம். இரண்டு மணி நேரத்தில் நாற்பது நிமிடத்தைக் கழித்தால் ஒரு மணி இருபது. கணக்கு இப்படிப் பொருந்தும்போது ஒரு கணம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

இன்னொரு சோதனையும் பாக்கி இருந்தது. மறுநாள் இரவு அப்படி வேகமாக முடிந்த ஒரு வண்டியை எடைமேடைக்கு அனுப்பினேன். வரும்போதே காலி எடை எடுத்து வைத்திருந்தோம். பெட்டி 11 கிலோ வீதம் 720 பெட்டிக்கு 7,920 கிலோ வர வேண்டும். சீட்டில் 8,070. வழக்கமாக இருபது, முப்பது கிலோ முன்னே பின்னே இருக்கும், அட்டை ஈரம் இழுக்கும், ஓட்டுநர் டீசல் போட்டிருப்பார். 150 கிலோ அப்படி வராது. எங்கள் பேலட் ஒன்று 24 கிலோ, ஆறுக்கு 144. அந்த எடைமேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். சீலை உடைத்துக் கதவைத் திறந்தேன். பலகைகளின் முனை, ஆறும், வரிசையாக எட்டிப் பார்த்தன.

அண்ணாச்சிக்கு இது ஏன் தெரியவில்லை என்றும் அப்போது புரிந்தது. சீல் டாக்கிலேயே போட்டுவிடுவார்கள். கேட்டுக்கு வரும்போது கதவு மூடியிருக்கும். அவர் சீல் எண்ணையும் பில்லில் உள்ள பெட்டி எண்ணிக்கையையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். பில்லில் பேலட் என்ற வார்த்தையே இல்லை. போய்ச் சேரும் ஊரிலும் அதே கதைதான். அங்குள்ளவர்கள் பெட்டியை எண்ணி இறக்குவார்கள், பெட்டி சரியாக இருக்கும், பலகை ஆறையும் ஓர் ஓரமாகச் சாய்த்து வைப்பார்கள். காகிதத்தில் இல்லாததை ஓட்டுநர் ஏன் ஏற்றிக்கொண்டு வருவார்?

லோடுமேன் மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினேன். ஒடிசாவிலிருந்து வந்து பத்து வருடத்துக்கு மேல் இங்கேயே இருப்பவர், தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுவார். கோபப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன், ஆனால் குரல் உயர்ந்துவிட்டது.

"பேலட் வெளிய போகக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

அவர் பதில் சொல்லாமல் என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பலகை. அதில் என் கையெழுத்தில், பெரிய எழுத்தில்: *எந்த வண்டியும் 90 நிமிடம்*.

"நீங்கதானே சார் எழுதினீங்க. ரெண்டு மணி ஆகுற வேலைய ஒன்றரை மணில முடிக்கணும்னா எப்படி முடிப்போம்? ஒரு வண்டி ரெண்டு வண்டின்னா தம் புடிச்சு முடிச்சுருவோம். அஞ்சு வண்டி ஒண்ணா வந்து நின்னா முடியாது சார்."

மே மாதக் கடைசியில் எழுதியது. வண்டிகள் டாக்கில் காத்துக் கிடக்கின்றன என்று சரக்குக் கம்பெனியிலிருந்து ஒரு புகார் வந்தது. லூஸ் லோடு, பேலட் லோடு என்று பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்து 90 என்று எழுதினேன். பேலட் லோடு நாற்பது நிமிடத்தில் முடியும், லூஸ் லோடு இரண்டு மணி நேரம் ஆகும், சராசரி ஏறக்குறைய அப்படித்தான் வந்தது. ஓர் இரவில் வண்டிகளின் சராசரி 90 நிமிடத்துக்குள் வந்தால் மேஸ்திரியின் ஆட்களுக்கு 500 ரூபாய் என்றும் நான்தான் சொன்னேன். அந்த 500 ரூபாயைப் பல இரவுகள் என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். ஜூன் மாதம்தான் 58 குறைந்த முதல் மாதம். இரண்டு எண்ணும் ஒரே அறையில் மூன்று மாதம் இருந்தன, ஒன்று சுவரில், ஒன்று என் மேஜை டிராயரில்.

மேனேஜரிடம் போய் முழுவதையும் சொன்னேன். போர்டு விஷயத்தை விட்டுவிடலாமா என்று படியேறும்போது ஒரு யோசனை வந்தது. சொல்லாமல் இருந்தால் மேஸ்திரி வேலை போயிருக்கும், எனவே சொன்னேன். அவர் சிறிது நேரம் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இது திருட்டு இல்லையா?" என்றார். திருட்டாக இருந்திருந்தால் அவருக்கு மேலே சொல்ல எளிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

செய்த மாற்றங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. போர்டை அழித்து, லூஸ் லோடு 130 நிமிடம், பேலட் லோடு 60 என்று எழுதினேன். கேட் பாஸில் பேலட் என்று ஒரு வரி சேர்த்தோம். பேலட் போகாவிட்டாலும் அதில் 0 என்று எழுதியே ஆக வேண்டும், வெற்றாக விடக் கூடாது. ஏனென்றால் வெற்றிடம் என்றால் "இல்லை" என்றும் அர்த்தம், "பார்க்கவில்லை" என்றும் அர்த்தம். சீல் இனி டாக்கில் கிடையாது, கேட்டில், காவலர் டார்ச் அடித்து உள்ளே பார்த்த பிறகு. அவசரத்துக்குப் பேலட்டோடு அனுப்பியே ஆக வேண்டுமென்றால் அனுப்பலாம், திரும்ப வர வேண்டியது என்று டெலிவரி சலானில் எழுதி. அண்ணாச்சி மறுபடி இரவுக்கு வந்தார். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "பகல் டூட்டில வெயில் ஜாஸ்தி சார், ராத்திரிதான் நல்லது" என்று பேச்சை அவரே முடித்துவிட்டார். போன இரவுப் படியை அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லி எழுதினேன். காயலான் கடைக்காரர் மட்டும் திரும்பி வரவே இல்லை. வேறு குடோன் பிடித்துவிட்டாராம்.

தொலைந்த பேலட்களைத் தேடிப் போனது தனிக் கதை. ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. காலி வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அரக்கோணம், செய்யாறு, திண்டிவனம், விழுப்புரம் என்று சுற்றினோம். ஓரிடத்தில் நாற்பது பேலட்டை அழகாக அடுக்கி மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார்கள். "எப்ப வந்து எடுப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்" என்றார் முதலாளி. இன்னோரிடத்தில் அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்தன. ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பத்துப் பலகை தரையாகியிருந்தன, மாடு அதன் மேல் நின்று எங்களைப் பார்த்தது, கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. இருநூற்றைம்பதுக்கு மேல் போனதில் 138 திரும்ப வந்தது.

திண்டிவனம் குடோனில் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, உள்ளே மூலையில் இரண்டு பேலட்டை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டு மேலே பாய் விரித்திருப்பதைப் பார்த்தேன். தரை முழுக்க ஒரு விரல் உயரத்துக்கு மழைத்தண்ணீர். காவலுக்கு இருந்த பெரியவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். "இருக்கட்டும் பெரியவரே" என்று சொல்லியிருக்கலாம். அது என் பொருள் இல்லை, வாடகைப் பொருள், 1,800 வீதம் 3,600 ரூபாய், தாளில் எங்கே எழுதுவது என்றெல்லாம் மனதில் ஓடியது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழி நெடுக ஓட்டுநர் என்னிடம் பேசவில்லை, அல்லது அப்படி எனக்குத் தோன்றியது.

எங்கள் குடோனின் பின்பக்கம் உடைந்த மரங்களைப் போடும் இடத்தில், வாடகைக்கு எடுக்கும் காலத்துக்கு முன்பே நாங்கள் சொந்தமாக வாங்கிய பழைய பேலட் சில கிடந்தன. கணக்கில் என்றோ கழித்துவிட்டவை. மறுநாள் ஃபோர்க்லிஃப்ட் பையனைக் கூப்பிட்டு, அவற்றில் உருப்படியாக இரண்டைப் பொறுக்கி, தூக்கிக்கொண்டிருந்த ஆணிகளை அடித்து இறக்கி, மேல்பலகை ஒன்று விட்டிருந்த இடத்தில் வேறு பலகை வைத்து அறையச் சொன்னேன். இரவு திண்டிவனத்துக்கு ஒரு வண்டி இருந்தது. பெட்டி 720, எல்லாம் லூஸ் லோடு. கடைசியில் கதவோரம் அந்த இரண்டையும் செங்குத்தாக நிறுத்தி வைத்தோம்.

கேட்டில் அண்ணாச்சி கேட் பாஸை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். பேலட் 2. சொந்தம், திரும்ப வராது. காரணம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை இரண்டாவது தடவை வாசித்தார்.

"கட்டிலா சார்?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் வண்டியின் பின்னால் போய்க் கதவுக்குள் டார்ச் அடித்தார். "ஒண்ணு… ரெண்டு" என்று சத்தமாகவே எண்ணினார். கதவைச் சாத்தி சீலைப் போட்டு, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.